தீக்காய நோயாளிக்கான செவிலியச் செயல்முறை

செவிலியச் செயல்முறை என்பது நோயாளியின் நிலையை மதிப்பிடுதல், செவிலிய அறுதியீடு செய்தல், திட்டமிடுதல், செயல்படுத்துதல், மறுமதிப்பீடு செய்தல் என்னும் ஐந்து படிகளைக் கொண்ட பணிமுறை ஆகும். செவிலியர் பயிலும் மாணவர்கள் ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுத்து இந்த ஐந்து படிகளையும் எழுதி ஒப்படைப்பாகத் தருவர். தீக்காய நோயாளி இதற்கு அடிக்கடி தேர்ந்தெடுக்கப்படுகிறார். இவரைப் பற்றி எழுதும்போது நேரம் மிக முக்கியமானது. முதல் நாளில் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ஒரு கணக்கு உண்டு. காலையில் எழுதிய திட்டம் நண்பகலில் மாற வேண்டியிருக்கும். பல ஒப்படைப்புகளில் இந்த மாற்றம் இடம்பெறுவதில்லை. திரவத்தின் அளவைச் சூத்திரப்படி கணக்கிட்டுவிட்டு அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள்.

இக்கட்டுரை, விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட ஒரு மாதிரி நோயாளியின் வழியாக இச்செயல்முறையை விவரிக்கிறது. நோயாளி 34 வயதுப் பெண். உடல் எடை 50 கிலோ. காலை 7 மணிக்கு மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைக்கும்போது நைலான் சேலையில் தீப்பிடித்தது. அக்கம்பக்கத்தினர் போர்வையால் மூடித் தீயை அணைத்தனர். பிறகு காயத்தின்மேல் பேனா மையையும் இட்லி மாவையும் பூசினர். 8 மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பாட்டில், அதாவது 500 மி.லி. ரிங்கர் லாக்டேட் ஏற்றப்பட்டது. டெட்டனஸ் தடுப்பூசியும் போடப்பட்டது. 10 மணிக்கு மாவட்ட மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார்.

மதிப்பீடு

காயம் எவ்வளவு கோரமாகத் தெரிந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது மூச்சுப்பாதையே. மூக்கு முடி கருகியிருக்கிறதா, சளியில் கரி இருக்கிறதா, குரல் கம்மியிருக்கிறதா, மூடிய அறையில் புகையில் இருந்தாரா ஆகியவற்றைப் பார்த்தும் கேட்டும் குறிக்க வேண்டும். குரல் கம்மிக்கொண்டே போனால் தொண்டை வீங்கிவருகிறது என்று பொருள். சில மணி நேரத்தில் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவதே கடினமாகிவிடலாம். ஆகவே அதை உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். புகையைச் சுவாசித்தவருக்கு விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி 97 அல்லது 98 காட்டினாலும் அதை நம்பிவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் அக்கருவி ஆக்சிஜன் ஏறிய இரத்தமாகவே படிக்கிறது. மாதிரி நோயாளியின் சமையலறைக் கதவு திறந்திருந்தது. குரலும் தெளிவாக இருந்தது. ஆயினும் முகமூடி வழியே ஆக்சிஜன் கொடுக்கப்பட்டு, மணிக்கொரு முறை அவரைப் பேசவைத்துக் குரல் கவனிக்கப்பட்டது.

அடுத்தது தீப்பட்ட நேரம். 'காலையில்' என்று எழுதினால் போதாது. மணியைக் கேட்டு எழுத வேண்டும். திரவக் கணக்கு மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல, தீப்பட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது. வீட்டுப் பெண்களின் தீக்காயங்களில் உடன் வந்தவர்கள் நேரத்தையும் நடந்ததையும் மாற்றிச் சொல்வதுண்டு. ஆகவே நோயாளியிடம் தனியாகவும் கேட்க வேண்டும். அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே எழுத வேண்டும், செவிலியரின் ஊகத்தைச் சேர்க்கக் கூடாது. இத்தகைய காயங்கள் காவல்துறைக்குத் தெரிவிக்கப்படுபவை என்பதால் இக்குறிப்பு பின்னர் சான்றாகவும் அமையலாம்.

காயத்தின் பரப்பை அளக்க ஒன்பதின் விதி பயன்படுகிறது. இது 1951-இல் வாலஸ் என்பவர் வெளியிட்ட கட்டுரையால் பரவலாக அறியப்பட்டது. வளர்ந்தவர்களில் தலையும் கழுத்தும் 9 விழுக்காடு, ஒவ்வொரு கையும் 9, உடற்பகுதியின் முன்புறம் 18, பின்புறம் 18, ஒவ்வொரு காலும் 18, பிறப்புறுப்புப் பகுதி 1 எனக் கொள்ளப்படும். சிதறிய சிறு காயங்களை நோயாளியின் சொந்த உள்ளங்கையால் அளக்கலாம். விரல்களைச் சேர்த்த உள்ளங்கை ஏறத்தாழ 1 விழுக்காடு. குழந்தைகளின் தலை உடலோடு ஒப்பிடும்போது பெரியது என்பதால் இவ்விதி அவர்களுக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு வயதுவாரியான லண்ட்-பிரவுடர் அட்டவணை உண்டு.

வெறுமனே சிவந்திருக்கும் தோலை இக்கணக்கில் சேர்க்கக் கூடாது. கொப்புளம் வந்த பகுதியும் அதைவிட ஆழமான பகுதியும் மட்டுமே கணக்கில் வரும். மாதிரி நோயாளியின் பரிந்துரைச் சீட்டில் 45 விழுக்காடு என எழுதப்பட்டிருந்தது. வலக்கை 9, உடற்பகுதியின் முன்புறம் முழுவதும் 18, இரு கால்களின் முன்புறம் முழுவதும் 18 என்பது அந்தக் கணக்கு. தீக்காயப் பிரிவில் மையையும் மாவையும் கரியையும் கழுவிப் பார்த்தபோது வயிறு வெறுமனே சிவந்திருந்தது தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே இருந்தது கரி மட்டுமே. உண்மையான காயம் வலக்கை 9, மார்பு 9, இரு தொடைகளின் முன்புறம் 9, இடது முன்கையில் மூன்று உள்ளங்கை அளவு 3, ஆக 30 விழுக்காடு. பரப்பைக் கூட்டிச் சொல்வது அடிக்கடி நேர்வது. ஆகவே சீட்டில் உள்ள எண்ணை அப்படியே பெயர்த்தெழுதாமல், காயத்தைக் கழுவிய பின் மருத்துவருடன் சேர்ந்து மீண்டும் அளப்பதே முறை.

ஆழத்தைத் தொட்டும் பார்த்தும் அறியலாம். இளஞ்சிவப்பாக ஈரமாக இருந்து, அழுத்தினால் வெளுத்து மீண்டும் சிவந்து, தொட்டால் கடுமையாக வலித்தால் அது மேலோட்டமான பகுதித் தடிமன் காயம். வெண்மையாகவோ பழுப்பாகவோ தோல்பதனிட்டதுபோல் விறைத்து, குத்தினாலும் வலிக்காவிட்டால் முழுத் தடிமன் காயம். இந்நோயாளியின் மார்பும் தொடைகளும் பெரும்பாலும் முதல் வகை. வலது முன்கை முழுச்சுற்றாக விறைத்திருந்தது. இந்தச் 'சுற்று' என்ற சொல் பதிவில் கட்டாயம் இடம்பெற வேண்டும். அதன் காரணம் காயப் பராமரிப்பில் விளங்கும்.

பிற அளவுகள்: நாடி நிமிடத்திற்கு 128, இரத்த அழுத்தம் 100/70, மூச்சு 26, உடல் வெப்பம் 36.1 செல்சியசு. தெளிவாகப் பேசினார். தாகம் எடுப்பதாகச் சொன்னார். கைகால்கள் குளிர்ந்திருந்தன. சிறுநீர் வடிகுழாய் இட்டபோது கரும்மஞ்சள் நிறத்தில் 40 மி.லி. மட்டுமே வந்தது.

அறுதியீடும் முன்னுரிமையும்

செவிலிய அறுதியீட்டில் சிக்கல், அதன் காரணம், அதைக் காட்டும் அடையாளம் ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். இந்நோயாளிக்கு முதல் அறுதியீடு இப்படி அமையும்: தீக்காயத்தால் நுண்குழாய்களிலிருந்து நீர்மம் கசிவதால் உடல் திரவக் குறைவு, நாடி 128, குளிர்ந்த கைகால்கள், கரும்மஞ்சள் நிறச் சிறுநீர் 40 மி.லி. ஆகியவற்றால் இது அறியப்படுகிறது. இரண்டாவது, கடும் வலி. மூன்றாவது, தோல் ஒருமை சிதைவும் அதனோடு சேர்ந்த வலக்கை இரத்த ஓட்டக் குறைவின் அபாயமும். நான்காவது, தொற்று அபாயம்.

'அபாயம்' என்று தொடங்கும் அறுதியீட்டுக்கு அடையாளம் எழுதக் கூடாது. இன்னும் நேராத ஒன்றுக்கு அடையாளம் இருக்க முடியாது. 'தொற்று அபாயம், காய்ச்சலால் அறியப்படுகிறது' என்று எழுதினால் அது பிழை. காய்ச்சலும் சீழும் இருந்தால் அது அபாயக் கட்டத்தைக் கடந்துவிட்டது. உடல் தோற்றம் குறித்த மனவேதனையை முதலிடத்தில் எழுதுவதும் உண்டு. அது உண்மையான சிக்கலே, பின்வரும் வாரங்களில் பெரிதாகவும் ஆகலாம். ஆனால் முதல் 24 மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியவை மூச்சுத் தடையும் திரவ இழப்பும்தாம்.

திரவ ஈடு

தீப்பட்டவுடன் காயம்பட்ட இடத்தில் மட்டுமன்றி, பெரிய காயங்களில் உடல் முழுவதும் நுண்குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. இரத்தத்திலுள்ள நீரும் உப்பும் புரதமும் திசுக்களுக்குள் இறங்குகின்றன. முதல் 8 மணி நேரத்தில் கசிவு மிகுதி. ஏறத்தாழ 24 மணி நேரத்தில் அது அடங்கிவரும். நோயாளி வீங்கித் தெரிவார், ஆனால் அவருடைய இரத்தக் குழாய்களுக்குள் நீர் குறைந்திருக்கும். வீக்கத்தைப் பார்த்து 'திரவம் அதிகமாகிவிட்டது' என்று தொடக்க நிலையிலேயே முடிவு செய்தால் தவறாகிவிடுவது இதனால்தான்.

ஈடு செய்ய வேண்டிய அளவுக்குப் பரவலாக அறியப்பட்டது பார்க்லாண்ட் சூத்திரம். அமெரிக்காவின் டல்லஸ் நகரிலுள்ள பார்க்லாண்ட் மருத்துவமனையில் சார்லஸ் பாக்ஸ்டரும் உடன் பணியாற்றியோரும் 1960-களில் இதை உருவாக்கினர். உடல் எடையைக் காய விழுக்காட்டால் பெருக்கி, அதை மீண்டும் 4-ஆல் பெருக்கினால் முதல் 24 மணி நேரத்திற்கான ரிங்கர் லாக்டேட்டின் அளவு மி.லி.-இல் கிடைக்கும். அதில் பாதி தீப்பட்டதிலிருந்து முதல் 8 மணி நேரத்திலும், மறுபாதி அடுத்த 16 மணி நேரத்திலும் கொடுக்கப்படும். சாதாரண உப்புநீரை இவ்வளவு மிகுதியாக ஏற்றினால் குளோரைடு கூடி இரத்தத்தில் அமிலத்தன்மை உண்டாகும். ரிங்கர் லாக்டேட் விரும்பப்படுவதற்கு அது ஒரு காரணம்.

மாதிரி நோயாளிக்கு 50 × 30 × 4 = 6000 மி.லி. முதல் பாதி 3000 மி.லி. தீப்பட்டது 7 மணி, எனவே 3000 மி.லி. பிற்பகல் 3 மணிக்குள் செல்ல வேண்டும். ஏற்கெனவே 500 மி.லி. சென்றுவிட்டது. மீதி 2500 மி.லி. வந்து சேர்ந்தது 10 மணி, ஆகவே கையில் இருப்பது 5 மணி நேரம். மணிக்கு 500 மி.லி. கொடுக்க வேண்டும். நேரத்தை மருத்துவமனைக்கு வந்ததிலிருந்து எண்ணியிருந்தால் 2500 மி.லி.-ஐ 8 மணி நேரத்திற்குப் பிரித்து மணிக்கு ஏறத்தாழ 313 மி.லி. என்றே கொடுத்திருப்பார்கள். கசிவு மிகுந்த நேரத்தில் நோயாளி பின்தங்கிப் போயிருப்பார். சீட்டிலிருந்த 45 விழுக்காட்டை நம்பியிருந்தால் மொத்தம் 9000 மி.லி. ஆகியிருக்கும்.

மி.லி.-க்கு 20 சொட்டு விழும் டிரிப் செட்டில் மணிக்கு 500 மி.லி. என்றால் நிமிடத்திற்கு 167 சொட்டு. அதைக் கண்ணால் எண்ண முடியாது. ஆகவே இரு கைகளிலோ, காயமில்லாத வேறு இடங்களிலோ இரண்டு பெரிய கேனுலாக்கள் இட்டு, ஒவ்வொன்றிலும் நிமிடத்திற்கு 83 சொட்டு வீதம் ஓடவிடலாம். பாட்டிலின் பக்கத்தில் பிளாஸ்டர் ஒட்டி மணிவாரியாகக் கோடு போட்டு வைப்பது பழைய பழக்கம். பம்ப் இல்லாத வார்டில் அதைவிட நம்பகமான வழி இல்லை.

சூத்திரம் தருவது தொடக்க வேகத்தை மட்டுமே. அமெரிக்கத் தீக்காயச் சங்கத்தின் பயிற்சி முறையில் வளர்ந்தவர்களின் தீச்சுடர்க் காயங்களுக்கு 4-க்குப் பதில் 2-இல் தொடங்கும்படி கற்பிக்கப்படுகிறது. தேவைக்கு மேல் திரவம் ஏற்றியதால் நுரையீரல் நீர்கோத்தலும் வயிற்றறை அழுத்த உயர்வும் ஏற்பட்ட நோயாளிகள் இந்த மாற்றத்துக்குக் காரணம். ஒப்படைப்பில் எந்த எண்ணைப் பின்பற்றுகிறார்கள் என்பதை அந்தந்த வார்டின் நடைமுறைப்படி எழுதிவிட வேண்டும். எந்த எண்ணில் தொடங்கினாலும் அதன்பின் வேகத்தைத் தீர்மானிப்பது சிறுநீரின் அளவு. வளர்ந்தவர்களுக்கு மணிக்குக் கிலோவுக்கு 0.5 மி.லி. தேவை. 50 கிலோ எடைக்கு அது 25 மி.லி. இதைவிடக் குறைந்தால் வேகத்தைக் கூட்டவும், 50-ஐத் தாண்டினால் குறைக்கவும் மருத்துவர் ஆணையிடுவார். குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 1 மி.லி. தேவை. மின்சாரக் காயத்தில் தசை சிதைந்து சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்து வந்தால் இலக்கு இன்னும் உயரும்.

நோயாளியின் முதல் நாள் பதிவு இப்படிச் சென்றது. 10-இலிருந்து 11 மணிக்குள் சிறுநீர் 14 மி.லி. 11-இலிருந்து 12-க்குள் 16 மி.லி. செவிலியர் முதலில் வடிகுழாய் மடங்கியிருக்கிறதா, பை படுக்கையைவிடக் கீழே இருக்கிறதா என்று பார்த்தார். குழாய் சரியாக இருந்தது. இரு டிரிப்பும் குறித்த வேகத்தில் ஓடியிருந்தன. ஆகவே குறைவு உண்மையானது. மருத்துவரிடம் தெரிவித்ததும் வேகம் மணிக்கு 600 மி.லி. ஆக்கப்பட்டது. சிறுநீர் 1 மணிக்கு 24, 2 மணிக்கு 32, 3 மணிக்கு 38 மி.லி. என ஏறியது. நாடி 112-க்கு இறங்கியது. கைகால்களில் சூடு திரும்பியது.

3 மணிக்குச் சூத்திரப்படி வேகம் மணிக்கு ஏறத்தாழ 188 மி.லி.-க்கு இறங்க வேண்டும். 600-இலிருந்து ஒரே அடியாக இறக்காமல் ஒரு மணி நேரம் 400, அடுத்த மணி நேரம் 300, பிறகு 200 எனப் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. இரவு 10 மணிக்குச் சிறுநீர் 60 மி.லி. வந்தபோது 150 ஆக்கப்பட்டது. மறுநாள் காலை 7 மணிவரை மொத்தம் சென்றது 6350 மி.லி. சூத்திரத்தின் விடைக்கு இது அருகிலேயே இருந்தாலும், அதை அடைந்த வழி வேறு. சிறுநீர் குறைந்தபோது அதைப் பெருக்கும் மருந்தைக் கொடுத்திருந்தால் பையில் சிறுநீர் நிறைந்திருக்கும், நோயாளியின் இரத்த ஓட்டமோ மேலும் குறைந்திருக்கும். அதோடு, அதன்பின் சிறுநீரின் அளவை வழிகாட்டியாக நம்பவும் முடியாது.

வலி

முழுத் தடிமன் காயத்தில் நரம்பு முனைகள் அழிந்துவிடுவதால் அந்த இடம் வலிப்பதில்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள பகுதித் தடிமன் காயம் கடுமையாக வலிக்கும். 'ஆழமான காயம், எனவே வலி இல்லை' என்று எழுதுவது நோயாளியைக் கேட்காமல் எழுதியதாகும். 0 முதல் 10 வரையான அளவுகோலில் நோயாளியே எண்ணைச் சொல்ல வேண்டும். இவர் 9 என்றார்.

நோயாளி படுக்கையில் புரண்டு கத்தினால் அதை வலி என்று மட்டும் கொள்ளக் கூடாது. ஆக்சிஜன் குறைந்தாலும் இரத்த ஓட்டம் குறைந்தாலும் இதே அமைதியின்மை வரும். முதலில் அவற்றைப் பார்த்துவிட்டே மருந்துக்குச் செல்ல வேண்டும். மருந்து நரம்பு வழியாகவே, சிறிய அளவில், திரும்பத் திரும்பக் கொடுக்கப்பட வேண்டும். தசையில் ஊசி போடக் கூடாது என்பதற்கு ஒரு கடுமையான காரணம் உண்டு. முதல் மணி நேரங்களில் தசைக்குச் செல்லும் இரத்தம் குறைந்திருப்பதால் மருந்து உறிஞ்சப்படாமல் அங்கேயே தங்கும். வலி குறையவில்லையே என்று இரண்டாவது ஊசி போடுவார்கள், மூன்றாவதும் போடலாம். திரவம் ஏறி இரத்த ஓட்டம் திரும்பும்போது அத்தனையும் ஒன்றாக இரத்தத்தில் கலந்து மூச்சை அடக்கிவிடும். நோயாளி தேறிவருகிறார் என்று எல்லாரும் நினைக்கும் நேரத்தில் இது நிகழும்.

இந்நோயாளிக்கு மருத்துவர் ஆணைப்படி மார்ஃபின் 2.5 மி.கி. நரம்பு வழியாக மெதுவாகச் செலுத்தப்பட்டது. 15 நிமிடம் கழித்து வலி 6. மூச்சு வீதம் 22 என உறுதி செய்தபின் இன்னொரு 2.5 மி.கி. கொடுக்கப்பட்டது. வலி 4-க்கு வந்தது. மூச்சு நிமிடத்திற்கு 10-க்குக் கீழே இறங்கினால் அடுத்த அளவை நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும். நலோக்சோன் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

கட்டு மாற்றும்போது வரும் வலி வேறு வகை. அது சில நிமிடங்களில் உச்சத்தைத் தொடும். அதற்கான மருந்தைக் கட்டு அவிழ்ப்பதற்கு முன்பே கொடுத்து, அது வேலை செய்யும்வரை காத்திருக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியை உப்புநீரால் நனைத்து ஊறவைத்து எடுத்தால் வலியும் குறையும், புதிதாக முளைத்த தோலும் பிய்ந்து வராது. ஒருமுறை வலியோடு கட்டு மாற்றப்பட்ட நோயாளி மறுநாள் டிரெஸ்ஸிங் தள்ளுவண்டியின் ஓசை கேட்டதுமே நடுங்கத் தொடங்குவார். அதன்பின் மருந்தின் அளவும் கூடும்.

காயப் பராமரிப்பு

தீப்பட்ட மூன்று மணி நேரத்திற்குள் ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் குளிர்விப்பதால் பயன் உண்டு. பனிக்கட்டி கூடாது. இந்நோயாளி வந்தபோது அந்த நேரம் கடந்திருந்தது. உடல் வெப்பமும் 36.1-ஆக இருந்தது. ஆகவே குளிர்விக்காமல், உடலைச் சூடாக வைப்பதே தேவையாயிற்று. மின்விசிறி நிறுத்தப்பட்டு, கழுவும் பகுதியை மட்டும் திறந்து மற்ற இடங்கள் சுத்தமான விரிப்பால் மூடப்பட்டன. வெதுவெதுப்பான உப்புநீரால் மையும் மாவும் கழுவப்பட்டன. மாவில் கிருமி வளரும், மை ஆழத்தை மறைக்கும் என்பது குடும்பத்தாருக்குக் கடிந்துகொள்ளாமல் விளக்கப்பட்டது.

வளையல்களும் மோதிரமும் முதல் சில நிமிடங்களிலேயே கழற்றப்பட வேண்டும். கை வீங்கியபின் அவை விரலையும் மணிக்கட்டையும் இறுக்கும். கழன்று வராதவற்றை வெட்டி எடுக்க வேண்டும். மார்புக் காயத்தின்மேல் கிடக்கும் தாலிச் சங்கிலியைக் கழற்றும்போது நோயாளியிடம் காரணம் சொல்லி ஒப்புதல் பெற்று, உறவினர் ஒருவரிடம் ஒப்படைத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். சிறிய செயல்தான். ஆனால் இதைப் பேசாமல் செய்துவிட்டால் அன்று முழுவதும் நோயாளி எதற்கும் ஒத்துழைக்க மாட்டார்.

முன்கையைச் சுற்றி விறைத்த தோல் விரிந்து கொடுக்காது. உள்ளே வீக்கம் ஏற ஏற இரத்தக் குழாய்கள் நசுங்கும். ஆகவே கை இதய மட்டத்திற்குச் சற்று மேலே தலையணையில் உயர்த்தப்பட்டது. விரல் நுனிகளின் நிறம், சூடு, நகத்தை அழுத்திவிட்டால் இரத்தம் திரும்பும் நேரம், உணர்வு ஆகியவை மணிக்கொரு முறை பதிவு செய்யப்பட்டன. பிற்பகல் 2 மணிக்கு விரல்கள் குளிர்ந்தன. இரத்தம் திரும்ப 4 வினாடி ஆயிற்று. விரலை நீட்டியபோது ஆழமான வலி என்றார். உடனே மருத்துவர் அழைக்கப்பட்டு, விறைத்த தோல் நீளவாக்கில் கீறிவிடப்பட்டது. சில நிமிடங்களில் விரல்கள் மீண்டும் சிவந்தன. மணிக்கட்டு நாடி கிடைக்கிறது என்பதை மட்டும் வைத்துக் காத்திருக்கக் கூடாது. நாடி மறைவது கடைசியில் வரும் அடையாளம்.

சில்வர் சல்ஃபாடையசின் களிம்பு பல வார்டுகளில் வழக்கத்தில் உள்ளது. அது காயத்தின்மேல் வெண்படலமாகப் படிந்து ஆழத்தை மறைக்கும். எனவே அறுவை மருத்துவர் பார்க்குமுன் பூசக் கூடாது. சல்ஃபா ஒவ்வாமை உண்டா என்றும் கேட்க வேண்டும். மேலோட்டமான காயங்களில் அது ஆறுதலைத் தாமதப்படுத்துவதால் அங்கு ஒட்டாத கட்டுகளே மேல். இந்நோயாளியின் முன்கைக்குக் களிம்பும், மார்புக்கும் தொடைகளுக்கும் பாரஃபின் வலைத்துணிக் கட்டும் இடப்பட்டன. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி தனித்தனியே சுற்றப்பட்டன.

தொற்று அபாயம்

தீப்பட்ட புதிதில் காயத்தில் கிருமிகள் குறைவு. முதல் நாட்களில் நோயாளியின் சொந்தத் தோலிலிருந்தும் குடலிலிருந்தும், செவிலியரின் கைகளிலிருந்தும் அவை குடியேறுகின்றன. எனவே தடுப்பு என்பது பெரும்பாலும் கை கழுவுதலும், ஒவ்வொரு நோயாளிக்கும் தனி மேலங்கி, கையுறை, கத்தரி, தொட்டி என்பதுமே. இரத்த அழுத்தக் கருவியின் துணிப்பட்டை ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குச் செல்வது எளிதில் மறந்துபோகும் வழி. தொற்று வருமுன் ஊசி வழியே ஆன்டிபயாடிக் கொடுப்பது வழக்கமான தடுப்பாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. அது தொற்றைத் தடுப்பதைவிட, மருந்துக்கு அடங்காத கிருமிகளையே மிஞ்சவிடும். 24 மணி நேரத்திற்குள் வாய் வழியாகவோ மூக்குக் குழாய் வழியாகவோ உணவு தொடங்குவது குடற்சுவரைக் காக்கும்.

பெரிய தீக்காயம் உடையவரின் உடல் வெப்பம் தொற்று இல்லாமலே 38 முதல் 38.5 வரை இருக்கலாம். வளர்சிதை மாற்றம் முடுக்கப்படுவதே காரணம். நான்காம் நாள் இந்நோயாளிக்கு 38.4 இருந்தது. கட்டு சுத்தமாக இருந்தது, நன்றாகச் சாப்பிட்டார். அது கவனிக்கப்பட்டதே தவிர மருந்து மாற்றப்படவில்லை. ஐந்தாம் நாள் மாலை நிலை வேறாக இருந்தது. வெப்பம் 39.2, நாடி 132, மூச்சு 30. உண்டதை வாந்தி எடுத்தார். சர்க்கரை நோய் இல்லாதவருக்கு இரத்தச் சர்க்கரை 210. வலது தொடைக் கட்டை அவிழ்த்தபோது பச்சை நிறக் கசிவும் இனித்த நெடியும் இருந்தன. முதல் நாள் இளஞ்சிவப்பாக இருந்த ஒரு பகுதி கருத்திருந்தது. பகுதித் தடிமன் காயம் ஆழமாகிக் கறுப்பது தொற்று உள்ளே பரவுகிறது என்பதன் வலுவான அடையாளம். பச்சைக் கசிவு சூடோமோனாசை நினைவூட்டும்.

செவிலியர் இவற்றை ஒரே அழைப்பில் மருத்துவரிடம் சொன்னார். ஆன்டிபயாடிக் தொடங்குமுன் இரத்தமும் காயத் திசுவும் வளர்சோதனைக்கு எடுக்கப்பட்டன. காயம்பட்ட பகுதிக்கு அருகிலிருந்த கேனுலா அகற்றப்பட்டுப் புதிய இடத்தில் இடப்பட்டது. தொடையின் பாரஃபின் கட்டுக்குப் பதில் சில்வர் களிம்பு நாளுக்கு இருமுறை என மாற்றப்பட்டது.

மறுமதிப்பீடு

ஒப்படைப்பின் கடைசிப் பத்தியில் 'எல்லா இலக்கும் எட்டப்பட்டது' என்றே எழுத வேண்டும் என்ற எண்ணம் மாணவரிடையே உண்டு. இந்நோயாளிக்குத் திரவ இலக்கு எட்டப்பட்டது, சான்றாக 24 மணி நேரச் சிறுநீர் அட்டவணை இருக்கிறது. வலி இலக்கு படுத்திருக்கும் நேரத்தில் எட்டப்பட்டது, ஆனால் கட்டு மாற்றும்போது 7-ஐத் தொட்டதால் பகுதியளவே. வலக்கை இரத்த ஓட்டம் காக்கப்பட்டது. தொற்று இலக்கு எட்டப்படவில்லை. ஆகவே ஐந்தாம் நாள் தேதியிட்டு, 'தொற்று அபாயம்' என்ற அறுதியீட்டை அடித்துவிட்டு, 'வலது தொடைக் காயத்தில் தொற்று, வெப்பம் 39.2, பச்சைக் கசிவு, கறுத்த பகுதி ஆகியவற்றால் அறியப்படுகிறது' என்று புதிதாக எழுத வேண்டும். அதற்கான புதிய இலக்கையும் எண்ணால் குறிக்க வேண்டும்: 72 மணி நேரத்தில் வெப்பம் 38.5-க்குக் கீழ், நாடி 110-க்குக் கீழ், கறுத்த பகுதி பரவாதிருத்தல். கறுத்த பகுதியின் விளிம்பை அன்றைய தேதியுடன் பதிவுப் படத்தில் வரைந்து வைத்தால், அடுத்த பணிமுறைக்கு வரும் செவிலியர் அது பரவியிருக்கிறதா இல்லையா என்பதை நினைவை நம்பாமல் சொல்ல முடியும்.